குத்தகையா, வாரமா? பிறர் நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறவர்களும் நிலத்தை விடுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப்போக வரும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் ஒரு சட்டத்தைச் சொல்லும் இடத்திலெல்லாம் அது எந்த ஊர்ச் சட்டம் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

குத்தகை, வாரம் ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

குத்தகையில் தொகை முன்னாலேயே முடிவாகிவிடும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் நில உரிமையாளருக்கு அந்தத் தொகை போய்ச் சேர வேண்டும். பணமாகக் கொடுக்காமல் 'இத்தனை மூட்டை' என்று தானியமாகப் பேசினாலும், மூட்டைக் கணக்கு மாறாது என்றால் அதுவும் குத்தகைதான். வாரத்தில் முடிவாவது பங்கு மட்டும். பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று பேசிக்கொள்வார்கள். எத்தனை மூட்டை என்பது களத்தில் அளந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே இரண்டிலும் பார்க்க வேண்டியது ஒன்றே: கெட்ட வருஷம் வந்தால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? குத்தகையில் முழுக்கப் பயிர் செய்கிறவர் தலையில். வாரத்தில் இருவரும் தாங்குகிறார்கள். இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான்.

எனக்கு எது லாபம்னு ஒரே வார்த்தையில சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பணத்தில் போட்டால் விலை குறுக்கே வரும் என்பதால் எல்லாவற்றையும் மூட்டையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு வயல் சாதாரண வருஷத்தில் 40 மூட்டை கொடுக்கிறது. நல்ல வருஷத்தில் 52, கெட்ட வருஷத்தில் 16. சாகுபடிச் செலவு எல்லா வருஷமும் 18 மூட்டைக்குச் சமம். அதில் விதை, உரம், மருந்துக்கு 8. உழவு, கூலி, அறுப்புக்கு 10.

முதலில் குத்தகை. 10 மூட்டைக்குச் சமமான தொகை, செலவு முழுக்கப் பயிர் செய்கிறவருடையது. சாதாரண வருஷத்தில் அவருக்கு 12 மூட்டை மிஞ்சும், நல்ல வருஷத்தில் 24. கெட்ட வருஷத்தில் கையிலிருந்து 12 போகும். அடுத்தது பாதி வாரம். விதை, உரம், மருந்தில் பாதியை உரிமையாளர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிர் செய்கிறவரின் செலவு 14. சாதாரண வருஷத்தில் 6 மிஞ்சும், நல்ல வருஷத்தில் 12, கெட்ட வருஷத்தில் 6 நஷ்டம். நஷ்டம் பாதியானது உண்மை, ஆனால் லாபமும் பாதியாகிவிட்டது. மூன்று வருஷமும் ஒவ்வொன்றாக வந்து போனால் குத்தகையில் மொத்தம் 24 மூட்டை மிஞ்சியிருக்கும், பாதி வாரத்தில் 12.

கையில் சேமிப்பு இருந்து, கெட்ட வருஷத்து 12 மூட்டை நஷ்டத்தைக் கடன் வாங்காமல் தாங்க முடிகிறவருக்குக் குத்தகை நல்லது. அந்த 12 மூட்டைக்கு வட்டிக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், காகிதத்தில் தெரியும் 24-ஐ நம்பி இறங்கக் கூடாது. முதல் வருஷமே கெட்ட வருஷமாக அமைந்தால் அடுத்த பயிருக்கு விதை வாங்கக்கூடக் கையில் ஒன்றும் இருக்காது.

பாதிக்குப் பாதிதானே எல்லாருக்கும் நியாயம்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பங்கு என்பது கணக்கின் ஒரு பக்கம்தான், செலவை யார் போடுகிறார் என்பது மறு பக்கம். மேலே சொன்ன அதே வயலை நான்கில் ஒரு பங்கு உரிமையாளருக்கு, செலவு முழுக்கப் பயிர் செய்கிறவருக்கு என்று பேசிப் பாருங்கள். சாதாரண வருஷத்தில் அவருக்கு 12 மூட்டை மிஞ்சும், அதாவது குத்தகையில் மிஞ்சிய அதே அளவு. நல்ல வருஷத்தில் 21. கெட்ட வருஷத்தில் 6 நஷ்டம். உரிமையாளருக்கு முறையே 10, 13, 4. செலவு முழுக்கத் தன்னுடையதாக இருந்தும் பாதி வாரத்தை விட இது பயிர் செய்கிறவருக்கு நல்லது.

பாதி வாரத்தில் உரிமையாளருக்குச் செலவு போக என்ன கிடைத்தது? சாதாரண வருஷத்தில் 16, நல்ல வருஷத்தில் 22, கெட்ட வருஷத்தில் 4. குத்தகைக்கு விட்டிருந்தால் வருஷம் 10 மட்டும். கெட்ட வருஷத்தில் 6 மூட்டை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக மற்ற வருஷங்களில் 6-ம் 12-ம் கூடுதலாக எடுக்கிறார். நஷ்டத்தில் பங்கெடுப்பதற்கு இது மிகப் பெரிய விலை.

இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் பல அரசுகள் பங்குக்கு உச்சவரம்பு வைத்தன. தைவானில் 1949-ல் முக்கிய விளைச்சலில் நூற்றுக்கு 37.5-க்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். மேற்கு வங்கத்தில் இடுபொருளை வாரதாரரே போட்டால் அவருக்கு நான்கில் மூன்று பங்கு, உரிமையாளர் போட்டால் பாதி. பங்கும் செலவும் சேர்ந்தே நகர வேண்டும் என்பதை அந்த ஒரு விதியிலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் நியாயக் குத்தகைச் சட்டம் 1956-ல் வந்தது. முதலில் நன்செய்க்கு மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 40 என்று இருந்தது, பின்னால் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

போன வருஷம் விளைச்சல் நல்லா இருந்தும் குத்தகை கட்ட மூச்சு முட்டிருச்சே, அது ஏன்?

விலைதான் காரணமாக இருக்கும். பணக் குத்தகையில் பயிர் செய்கிறவர் விளைச்சலின் ஆபத்தோடு விலையின் ஆபத்தையும் தனியாகச் சுமக்கிறார். 10 மூட்டைக்குச் சமம் என்று நினைத்துப் பேசிய தொகை, விலை நான்கில் ஒரு பங்கு இறங்கிவிட்டால் 13 மூட்டைக்கு மேல் விற்றால்தான் தேறும். சுற்றிலும் எல்லாருக்கும் நன்றாக விளைந்த வருஷத்தில்தான் விலை இறங்கும். அதனால் நல்ல விளைச்சலும் கஷ்டமும் ஒன்றாக வந்தது விபத்தல்ல.

இதைத் தவிர்க்க ஒரு வழி, குத்தகையைத் தானியமாகப் பேசுவது. 10 மூட்டை என்றால் என்ன விலை விற்றாலும் 10 மூட்டைதான். விளைச்சல் குறைந்தால் அது காப்பாற்றாது, விலை சரிந்தால் காப்பாற்றும். இன்னொரு வழி, தொகையை மூட்டையில் எழுதிவிட்டு, அறுவடை மாதத்துச் சந்தை விலையில் பணமாகக் கட்டுவது. எந்தச் சந்தை, எந்தத் தேதி என்பதையும் கூடவே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் ஒருவர் அதிக விலை இருந்த நாளைச் சொல்வார், மற்றவர் குறைந்த விலை இருந்த நாளைச் சொல்வார்.

வாரத்துக்கு விட்டா ஒழுங்கா உழைக்க மாட்டாங்கன்னு நிலக்காரர் சொல்றாரு. அப்படியா?

சோம்பல் என்று சொல்வது தவறு. ஆனால் அவர் கண்ணில் பட்ட விஷயம் உண்மைதான். இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். 3 மூட்டை விலைக்கு இன்னொரு முறை உரம் போட்டால் 5 மூட்டை கூடுதலாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரருக்கு 2 மூட்டை லாபம், உடனே போடுவார். பாதி வாரத்தில், உரச் செலவு முழுக்கத் தன்னுடையது என்றால், கூடுதலில் 2.5 மூட்டைதான் அவருக்கு வரும். போட்டது 3. அரை மூட்டை நஷ்டம். கணக்குத் தெரிந்த எந்த மனிதரும் அந்த உரத்தைப் போட மாட்டார்.

இதற்கு மருந்து மேற்பார்வை இல்லை. விளைச்சலைப் பிரிக்கும் அதே விகிதத்தில் இடுபொருள் செலவையும் பிரிப்பதுதான். உரத்தில் பாதியை உரிமையாளர் தந்தால் பயிர் செய்கிறவர் 1.5 போட்டு 2.5 எடுப்பார், உரிமையாளருக்கும் அதே ஒரு மூட்டை லாபம். பாதி வாரம் கேட்டுவிட்டு உரத்துக்குக் கை விரிக்கிற உரிமையாளர் தன் நிலத்தின் விளைச்சலைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

களத்துல பங்கு பிரிக்கும்போதுதான் சண்டை வருது. முன்னாடியே எதைப் பேசிக்கணும்?

பங்கு எவ்வளவு என்று பேசியிருப்பார்கள், எதில் பங்கு என்று பேசியிருக்க மாட்டார்கள். அறுப்புக் கூலியும் கதிரடிக்கும் எந்திர வாடகையும் தானியமாகப் போகிற இடங்களில், அதைக் கழித்த பிறகு பங்கா, கழிக்கும் முன்பா? 40 மூட்டையில் 4 மூட்டை கூலிக்குப் போகிறது என்றால், கழித்துவிட்டுப் பிரித்தால் ஆளுக்கு 18. கழிக்காமல் பிரித்து, கூலியைப் பயிர் செய்கிறவர் தன் பங்கிலிருந்து கொடுத்தால் அவருக்கு 16, உரிமையாளருக்கு 20. வாயால் பேசிய 'பாதி' இரண்டிலும் ஒன்றுதான். கையில் வருவதில் ஆளுக்கு 2 மூட்டை இடம் மாறிவிட்டது.

இரண்டாவது ஈரம். அடித்த அன்றே அளந்தால் எடை கூடுதலாக நிற்கும். காயவைத்துத் தூற்றிய பிறகு குறையும், பதரும் போகும். உரிமையாளர் ஈரத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டு போனால் உலர்த்தும் நஷ்டம் அவரவர் பங்கிலேயே தீர்ந்துவிடும், சிக்கல் இல்லை. ஈரத்தில் அளந்த கணக்கைக் குறித்துக்கொண்டு, பின்னால் காய்ந்த தானியமாகக் கொடுக்கச் சொன்னால்தான் வம்பு. அந்த எடை வித்தியாசம் முழுக்கப் பயிர் செய்கிறவருக்கு நஷ்டம். மூன்றாவது வைக்கோலும் தட்டையும். மாடு வைத்திருப்பவருக்கு அது பெரிய சொத்து. அதில் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அளக்கும்போது இருவரும் களத்தில் இருக்க வேண்டும். முடிந்ததும் தேதி, மொத்த மூட்டை, ஆளுக்கு எத்தனை என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் வரும் கேள்விகளில் இந்தத் தாள் பலமுறை உதவிக்கு வரும்.

மழை இல்லாம பயிர் முழுக்கப் போச்சு. அப்பவும் குத்தகை கட்டணுமா?

ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் பெரும்பாலும் கட்டித்தான் ஆக வேண்டும். நிலையான குத்தகையின் இயல்பே அது. வாரமாக இருந்தால் பங்கு கொடுக்க விளைச்சலே இல்லை, அதனால் கொடுப்பதும் இல்லை.

சில சட்டங்கள் குத்தகைக்காரருக்குக் கை கொடுக்கின்றன. 1804-ல் வந்த பிரான்ஸின் உரிமையியல் சட்டத்தில் இதற்கென்று தெளிவான விதி இருக்கிறது. பல வருஷக் குத்தகையில், தற்செயலான காரணத்தால் ஒரு போகத்தில் குறைந்தது பாதி அழிந்தால் குத்தகைக்காரர் தள்ளுபடி கேட்கலாம். முந்தைய நல்ல விளைச்சல்களால் அந்த நஷ்டம் ஈடாகியிருந்தால் கேட்க முடியாது. தானியத்தை நிலத்திலிருந்து அறுத்த பிறகு நேர்ந்த இழப்புக்கும் தள்ளுபடி கிடையாது. அந்தக் கடைசி விதியிலும் வாரத்துக்கு விலக்கு உண்டு. உரிமையாளரின் பங்கு தானியமாகவே இருந்தால் இழப்பில் அவரும் தன் பங்கைத் தாங்க வேண்டும்.

உங்கள் சட்டத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறதோ இல்லையோ, இதே மாதிரி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 'சாதாரண விளைச்சல் 40 மூட்டை. பாதிக்குக் கீழே போனால் குறைந்த அளவுக்கு ஏற்பக் குத்தகையும் குறையும்' என்ற ஒரு வரி போதும். அப்படி எழுதியிருந்தால் 16 மூட்டை விளைந்த வருஷத்தில் 10-க்குப் பதில் 4 கொடுத்தால் போதும். அழிவு நடந்ததும், மிச்சத்தை அறுக்கும் முன்பே உரிமையாளரை அழைத்துக் காட்டுங்கள். அறுத்த வயலைக் காட்டி நஷ்டத்தை நிரூபிக்க முடியாது.

கொஞ்சம் குத்தகை, கொஞ்சம் வாரம்னு கலந்து பேச முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்த முறையும் அதுதான். குறைந்த அடிப்படைத் தொகை ஒன்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் விளைந்தால் அந்த உபரியில் மட்டும் ஒரு பங்கு. நம் வயலில் அடிப்படை 6 மூட்டை, 30-க்கு மேல் விளைவதில் ஐந்தில் இரண்டு பங்கு என்று பேசினால், சாதாரண வருஷத்தில் உரிமையாளருக்கு 10, நல்ல வருஷத்தில் கிட்டத்தட்ட 15, கெட்ட வருஷத்தில் 6. அவருக்கு எந்த வருஷமும் வெறுங்கை இல்லை. பயிர் செய்கிறவரின் கெட்ட வருஷத்து நஷ்டம் 12-லிருந்து 8 ஆகக் குறைகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. உபரியில் பங்கு என்றால் விளைச்சலை இருவரும் நம்பும்படி அளக்க வேண்டும். களத்துத் தாள் எழுதும் பழக்கம் இல்லாத இடத்தில் இந்த முறை சந்தேகத்தில்தான் முடியும்.

எல்லாம் வாய்ப்பேச்சுதான், பத்திரம் எதுவும் இல்ல. எனக்கு உரிமையே இல்லையா?

இருக்கலாம். பல சட்டங்கள் வாய்மொழிக் குத்தகையையும் ஏற்கின்றன. தமிழ்நாட்டில் 1955-ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையான ஒப்பந்தமானாலும் நடத்தையிலிருந்து தெரியும் ஒப்பந்தமானாலும் சரி என்கிறது. அது கேட்பது வேறொன்று: நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ நிலத்தில் உடல் உழைப்பைப் போட வேண்டும். எடுத்த நிலத்தை ஆள் வைத்து மட்டும் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. உரிமையாளர் 'இவர் யாரென்றே தெரியாது' என்று சொன்னால் எதைக் காட்டுவீர்கள்? குத்தகை ரசீது, களத்துத் தாள், உங்கள் பெயரில் விதை, உரம் வாங்கிய ரசீது, விளைந்ததை விற்ற சீட்டு, பக்கத்து வயல்காரரின் சாட்சி. ஒவ்வொன்றும் சிறியதுதான். ஐந்தாறு வருஷத்துக்குச் சேர்ந்தால் மறுக்க முடியாது. ரசீது கொடுக்க மறுத்தால் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், 'இந்த நிலத்துக்கு இந்தப் போகத்துக் குத்தகை' என்று குறிப்புப் போடுங்கள்.

அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான் இருப்பதிலேயே வலுவான சான்று. மேற்கு வங்கத்தில் வாரதாரர்களுக்கான உரிமைகள் ஏற்கெனவே சட்டத்தில் இருந்தன, பதிவுதான் இல்லை. 1978-ல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வில் அதிகாரிகள் ஊருக்கே போய் முகாம் போட்டு, வாரதாரர்களைக் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டுப் பதிந்தார்கள். தனியாக அலுவலகத்துக்குப் போய் உரிமையாளருக்கு எதிராகப் பேசப் பயந்தவர்கள் பத்துப் பேரோடு சேர்ந்து பேசினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் ஏறியது. விளைச்சல் கூடியதையும் பின்னால் பொருளியலாளர்கள் ஆராய்ந்து காட்டினார்கள். தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுக்கென்று 1969-ல் தனிச் சட்டமே வந்தது. பெயரைப் பதிய விண்ணப்பித்தால் உறவு கெட்டுவிடும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறவு கெட்ட பிறகு பதிவது பல மடங்கு கடினம்.

குத்தகைதாரருக்குச் சட்டம் என்னென்ன பாதுகாப்பு தரும்?

ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் அடிப்படை மூன்றுதான். ஒன்று, நியாயமான தொகை. இரண்டு, காரணமில்லாமல் வெளியேற்றத் தடை. மூன்று, நிலத்தில் போட்ட உழைப்புக்கும் முதலுக்கும் வெளியேறும்போது ஈடு. அயர்லாந்துக் குத்தகைதாரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட மூன்றைக் கேட்டுத்தான் போராடினார்கள், 1881-ல் சட்டமாகவும் பெற்றார்கள்.

வெளியேற்றத் தடை என்றால் என்றைக்குமே வெளியேற்ற முடியாது என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் குத்தகை பாக்கி வைத்தால், நிலத்தையோ பயிரையோ கெடுத்தால், விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்தினால், உரிமையாளர் உரிமையாளரே இல்லை என்று வேண்டுமென்றே மறுத்தால் வெளியேற்றலாம். அதையும் உரிமையாளர் தானாகச் செய்ய முடியாது, விண்ணப்பித்து உத்தரவு வாங்க வேண்டும். இவற்றில் முதல் காரணம்தான் அதிகம் பேரைச் சிக்கவைக்கிறது.

நான் கட்டத் தயாரா இருக்கேன், அவர் வாங்க மாட்டேங்கிறாரு. என்ன பண்றது?

இது பழைய உத்தி. வாங்காமல் தட்டிக் கழித்து, இரண்டு போகம் கழித்து 'பாக்கி வைத்துவிட்டார்' என்று வழக்குப் போடுவார்கள். அவர் மறுத்தார் என்று நீங்கள் வாயால் சொன்னால் எடுபடாது.

தவணை நாள் தாண்டும் முன்பே செயல்பட வேண்டும். முதலில் வங்கி வழியாக அனுப்பிப் பாருங்கள், அல்லது பதிவுத் தபாலில் 'தொகை தயார், எங்கே கொடுப்பது' என்று எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அவர் கணக்கில் நீதிமன்றத்தில் கட்டும் வழியைத் தேடுங்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. குத்தகை தானியமாக இருந்தால் அன்றைய சந்தை விலையைப் பணமாகக் கட்டலாம். வாரக்காரர் என்றால் அளக்கும் நாளை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர் வராவிட்டால் பக்கத்து வயல்காரர்கள் முன்னிலையில் அளந்து, அவர் பங்கைத் தனியாக ஒதுக்கித் தாள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வாரத்துக்குப் பயிர் வைக்கிற நான் குத்தகைதாரரா, கூலிக்காரரா?

இந்தக் கேள்வியில்தான் பலருடைய உரிமை காணாமல் போகிறது. பங்கு வாங்குகிறார் என்பதால் மட்டும் ஒருவர் குத்தகைதாரர் ஆகிவிட மாட்டார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீதிமன்றங்கள் இரண்டு வகையாகப் பிரித்தன. நிலத்தைத் தன் கைவசம் வைத்து, தன் ஏர், தன் விதையோடு பயிர் செய்து பங்கு கொடுக்கிறவர் குத்தகைதாரர். உரிமையாளரின் ஏர், விதையோடு அவர் சொன்னபடி வேலை செய்து, கூலிக்குப் பதிலாகப் பங்கு வாங்குகிறவர் வேலையாள். பின்னவருக்கு நிலத்தில் எந்த உரிமையும் இல்லை.

அதனால் தாளில் 'கூலியாகப் பங்கு' என்றோ 'மேற்பார்வையாளர்' என்றோ எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் நிறுத்திப் படியுங்கள். எந்தப் பயிர், எப்போது விதைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்? செலவை யார் போடுகிறார்? பங்கைப் பிரித்துக் கொடுக்கிறவர் யார்? இந்த மூன்றுக்கும் 'நான்' என்பது பதிலானால் நீங்கள் குத்தகைதாரர். அந்த நிலை தாளிலும் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் புதுசா எழுதிக்கலாம்னு சொல்றாங்க. சரிதானா?

குறுகிய காலம் என்றால் அடுத்த வருஷம் நிலம் உங்களிடம் இருக்குமா என்று தெரியாது. தொழு உரம் இந்த வருஷம் போட்டால் பலன் இரண்டு மூன்று வருஷத்துக்கு வரும். வரப்பு, வடிகால் வேலையும் அப்படித்தான். ஒரு வருஷக் குத்தகைக்காரர் இவற்றைச் செய்ய மாட்டார். நிலம் இளைத்துப்போகும், அது உரிமையாளருக்கும் நஷ்டம். பிரான்ஸில் விவசாயக் குத்தகைக்குக் குறைந்தபட்சக் காலம் 9 வருஷம், தைவான் சட்டத்தில் 6 வருஷம் என்று வைத்தது இதற்காகத்தான்.

உரிமையாளர்களின் பயமும் வெறும் கற்பனை இல்லை. நீண்ட நாள் விட்டால் நிலம் திரும்பாது என்று நினைத்து வருஷா வருஷம் ஆளை மாற்றுகிறார்கள். இலங்கையில் 1958-ல் வயற்காணிச் சட்டம் குத்தகையைக் கால் பங்காகக் குறைத்து நிரந்தரப் பாதுகாப்பும் தந்தபோது, பல இடங்களில் குத்தகைதாரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேறு பலர் நிலம் போய்விடும் என்று பயந்து பழைய பாதியையே கொடுத்து வந்தார்கள். காகிதத்தில் உச்சவரம்பு எழுதினால் மட்டும் போதாது, பதிவும் நிலைத்த காலமும் கூடவே வேண்டும். உரிமையாளர் ஒத்துக்கொள்ளக்கூடிய நடு வழி, மூன்று முதல் ஐந்து வருஷக் காலம், முடியும் தேதி தெளிவாக, முன்னறிவிப்புக் கட்டாயம்.

பயிர் நிக்கும்போதே காலி பண்ணச் சொன்னா?

விதைத்தவர் அறுக்கலாம் என்பது பழைய கொள்கை. ஆங்கிலேய மரபுச் சட்டத்தில், முடிவுத் தேதி தெரியாத குத்தகை, குத்தகைதாரரின் தவறில்லாமல் முடிந்துபோனால், அந்த வருஷத்துப் பயிரை அவர் வந்து அறுத்துக்கொள்ளலாம். முடிவுத் தேதி எழுதியிருந்து, அதற்குள் விளையாது என்று தெரிந்தே விதைத்தால் இந்தக் கொள்கை உதவாது. எனவே முடிவுத் தேதியை அறுவடைக்குப் பின்னால் வரும்படி வையுங்கள். நாள்காட்டியின் ஆண்டு முடிவு பயிருக்குத் தெரியாது.

முன்னறிவிப்பும் பயிர்க் காலத்தை ஒட்டி இருக்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குத்தகை ஆண்டு மார்ச் 1-ல் முடிகிறது. வேண்டாம் என்றால் அதற்கு முந்தைய செப்டம்பர் 1-க்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே நிபந்தனைகளில் இன்னும் ஒரு வருஷம் நீடிக்கும். அடுத்த நிலம் தேட ஆறு மாதம் கிடைக்கிறது.

நான் செலவு பண்ணி வடிகால் வெட்டினேன், மண் அடிச்சேன். போகும்போது ஏதாவது கிடைக்குமா?

இங்கிலாந்தில் 1875-ல் இதற்கு ஈடு தரும் சட்டம் வந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் விலக்கிக்கொள்ளலாம் என்று விட்டதால் உரிமையாளர்கள் விலக்கிவிட்டார்கள். 1883-ல்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள். இதுபோன்ற கட்டாயச் சட்டம் இல்லாத இடத்தில் நீங்கள் எழுதி வாங்கியதுதான் உங்களுக்கு.

வேலை தொடங்கும் முன் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். செலவு எவ்வளவு, எத்தனை வருஷத்தில் தீரும் என்று அதிலேயே குறியுங்கள். 10 மூட்டைக்குச் சமமான செலவில் வடிகால் வெட்டி, ஐந்து வருஷத்தில் தீரும் என்று எழுதியிருந்தால், இரண்டு வருஷத்தில் வெளியேற நேர்ந்தால் 6 மூட்டைக்கு ஈடு கேட்கலாம். சம்மதமில்லாமல் செய்த வேலைக்கு ஈடு கிடைப்பது அரிது. சில சமயம் நிலத்தைக் கெடுத்ததாகவே குற்றம் சாட்டுவார்கள், முன்னால் சொன்ன வெளியேற்றக் காரணங்களில் அதுவும் ஒன்று.

நிலத்தையே வித்துட்டாங்க. புது ஆள் வந்து வெளிய போன்னு சொன்னா?

பெரும்பாலான சட்டங்களில் நிலத்தை வாங்குகிறவர் அதன் மேலிருக்கும் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். பழைய உரிமையாளர் எந்தக் காரணங்களுக்காக மட்டும் வெளியேற்ற முடியுமோ, புதியவரும் அவற்றுக்காக மட்டுமே முடியும். பிரான்ஸில் இன்னும் ஒரு படி மேலே போய், விற்கும்போது அதில் பயிர் செய்கிற குத்தகைதாரருக்கு வாங்கும் முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள்.

விற்பனை தெரிந்ததும் செய்ய வேண்டியது, புது உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது: நான் இன்ன வருஷத்திலிருந்து பயிர் செய்கிறேன், குத்தகை இவ்வளவு, இந்தப் போகம் வரை கட்டியாயிற்று. கடைசி ரசீதின் நகலையும் வைத்து அனுப்புங்கள். அடுத்த தவணையைப் பழையவரிடம் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல், யாரிடம் கட்டுவது என்று புதியவரிடமிருந்தே எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால், வாங்க மறுக்கும் உரிமையாளரைப் பற்றி மேலே சொன்ன வழி இங்கேயும் பொருந்தும்.